நேற்று மாற்றிய ஆயில் இன்றைக்கே கறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்றுதான் ஆயில் மாற்றினேன். இன்று டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் கன்னங்கரேல் என்று இருக்கிறது. பழைய ஆயிலையே விட்டுவிட்டார்களா?

டீசல் வண்டி என்றால், உங்கள் கண் முன்னாலேயே புது ஆயிலை ஊற்றியிருந்தாலும் இன்றைக்கு அது கறுப்பாகத்தான் இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

என் சித்தப்பா இதே கோபத்தோடு ஒருநாள் வீட்டுக்கு வந்தார். சின்ன டீசல் கார், 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவார். மாற்றிய மறுநாள், 200 கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில், டிஷ்யூ பேப்பரில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துக் காட்டினார். மை தடவியது போல இருந்தது. "காசை வாங்கிக்கொண்டு ஒன்றுமே செய்யவில்லை" என்றார். அவரை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இங்கேயும் அதையே போடுகிறேன்.

இன்ஜினுக்குள் மொத்தம் 3.3 லிட்டர் ஆயில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, ஃபில்டரையும் மாற்றினால் வெளியே வருவது ஏறக்குறைய 3 லிட்டர்தான். மீதி 300 மில்லி உள்ளேயே தங்கிவிடும். ஆயில் கூலரில் கொஞ்சம், டர்போவுக்குப் போகும் குழாயில் கொஞ்சம், ஆயில் ஓடும் துளைகளில் கொஞ்சம், ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் போல்ட் துளைக்கும் கீழே கொஞ்சம். இன்ஜினைப் பிரித்துப் போட்டால் ஒழிய இதை முழுதாக வெளியே எடுக்க வழியில்லை.

அந்தப் பழைய ஆயிலில் எடைக்கு 1.2 சதவீதம் கரி கலந்திருந்தது என்று கொள்வோம். 10,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் ஆயிலுக்கு இது பயப்படும் அளவல்ல. உள்ளே தங்கியது பதினொன்றில் ஒரு பங்கு. அதனால் புது ஆயிலை ஊற்றி இன்ஜினை ஒரு நிமிடம் ஓட விட்டதுமே, மொத்த ஆயிலிலும் கரி 0.11 சதவீதம் ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் ஓட்டத்தில் சேருவது ஆயிரம் கிலோமீட்டருக்கு இன்னொரு 0.11 சதவீதம். சித்தப்பா ஓட்டிய 200 கிலோமீட்டருக்கு 0.02தான். அதாவது மறுநாள் அவர் பார்த்த கறுப்பில் பெரும்பகுதி புது ஆயில் சம்பாதித்தது இல்லை, பழையது விட்டுப்போனது.

0.11 சதவீதத்துக்கு அவ்வளவு கறுப்பா என்று நம்ப மறுத்தார். நம்பாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் பத்து ஸ்பூன் புது ஆயில் ஊற்றி, வடித்து எடுத்த பழைய டீசல் ஆயில் ஒரே ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்குங்கள். டம்ளருக்கு அந்தப் பக்கம் விரலை வைத்தால் தெரியாது. சித்தப்பா அந்த டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பட்டறைக்காரரைப் பற்றிப் பேசவில்லை.

இந்தக் கரி ஆயிலுக்குள் எப்படி வருகிறது? ஃபில்டர் எதற்கு இருக்கிறது?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் கொதிக்கும் காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சுகிறார்கள், அது பட்டவுடன் பற்றிக்கொள்கிறது. பீய்ச்சிய டீசல் காற்றோடு ஒன்றாகக் கலக்க நேரமில்லை. தாரையின் நடுப்பகுதியில் எரிபொருள் மிகுந்து காற்று குறைவாக இருக்கும். அங்கே முழுதாக எரியாமல் கரி பிறக்கிறது. மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னி கறுப்பதும் இதே கதைதான்.

பிறந்த கரியில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் சிலிண்டர் சுவரில் பூசியிருக்கும் ஆயில் படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிஸ்டன் ரிங் அந்தப் படலத்தை வழித்துக் கீழே தள்ளும்போது கரியும் சம்ப்புக்குப் போகிறது. ரிங் இடுக்கு வழியாகக் கசியும் வாயுவோடு இன்னும் கொஞ்சம் வருகிறது. புது வண்டியிலும் இது நடக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க எரிந்த வாயுவையே மறுபடி உள்ளே விடும் இ.ஜி.ஆர் இருக்கும் வண்டிகளில் கரி கொஞ்சம் கூடுதல்.

இனி ஃபில்டர். நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் வாக்கில் இருக்கும். சாதாரண ஆயில் ஃபில்டர் 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைத்தான் நம்பகமாகப் பிடிக்கும். கரித்துகளோ ஒரு மைக்ரானுக்கும் கீழே. கோலிக்குண்டைப் பிடிக்கும் வலையில் கடுகு நிற்குமா? ஃபில்டரின் வேலை உலோகத் துணுக்கையும் மண்ணையும் பிடிப்பது. அந்தக் கண்ணியை இன்னும் சின்னதாக்கினால் ஆயில் ஓட்டமே தடைபட்டு பேரிங் காய்ந்துவிடும்.

அப்படியானால் கரியை யார் பார்த்துக்கொள்வது? ஆயிலில் கலந்திருக்கும் ஒரு மருந்து. பெயர் டிஸ்பெர்சன்ட். அதன் ஒரு முனை கரித்துகளைப் பிடித்துக்கொள்ளும். நீண்ட வால் ஆயிலோடு கரைந்து நிற்கும். ஒவ்வொரு துகளையும் இப்படிச் சுற்றிக்கொள்வதால் ஒரு துகள் இன்னொன்றோடு ஒட்டாமல் தனித்தனியாக மிதக்கிறது. ஆயில் மாற்றும்போது மிதந்த கரியெல்லாம் அதோடு வெளியே போய்விடுகிறது. ஆயில் கறுத்திருக்கிறது என்றால் கரி ஆயிலில் இருக்கிறது என்று அர்த்தம். அது இருக்க வேண்டிய இடம் அதுதான். இந்த மருந்து இல்லாமல் போனால் ஆயில் கொஞ்சம் வெளுப்பாகக்கூடத் தெரியலாம். ஆனால் கரி திரண்டு வால்வு மூடிக்கு அடியிலும் சம்ப்பின் மூலையிலும் களிம்பாகப் படிந்திருக்கும்.

சரி, மாற்றினார்களா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள என்னதான் வழி?

ஒரே ஒரு நல்ல தருணம் இருக்கிறது: புது ஆயிலை ஊற்றிய பிறகு, இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு. அப்போது டிப்ஸ்டிக்கை எடுத்து, இரண்டு மூன்று முறை துடைத்து விட்டுப் பாருங்கள். முதல் தடவை அந்தக் குழாயின் சுவரில் ஒட்டியிருந்த பழைய ஆயில் தடவி வரும். துடைக்கத் துடைக்கத் தேன் நிறமோ, லேசாகக் கலங்கிய நிறமோ தெரியும். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடிவிட்டால் இந்தச் சோதனை செல்லாது.

வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் ஃபில்டரைக் கவனியுங்கள். விடுவதற்கு முன்பு பழைய ஃபில்டர் மேல் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். திரும்ப எடுக்கும்போது அந்தப் புள்ளி இருந்தால் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். சில வண்டிகளில் ஃபில்டர் ஒரு கூட்டுக்குள் இருக்கும் காகித உருளை. வெளியே புள்ளி வைத்துப் பயனில்லை, பழையதைத் திரும்பத் தரச் சொல்லுங்கள்.

சூடான இன்ஜினில் மாற்றச் சொல்வதும் சமமான தரையில் பத்துப் பதினைந்து நிமிடம் வடிய விடச் சொல்வதும் நல்லது. உள்ளே தங்குவது கொஞ்சம் குறையும். அதற்காகக் கறுக்காது என்று நினைக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெட்ரோல் கார் 4,000 கிலோமீட்டர் ஓடியும் ஆயில் பொன்னிறமாகவே இருக்கிறதே?

அவருடையது பழைய மாதிரி பெட்ரோல் இன்ஜினாக இருக்கும். அதில் பெட்ரோல் வால்வுக்கு வெளியிலேயே காற்றோடு கலந்து ஆவியாகி உள்ளே போகிறது. நன்றாகக் கலந்தது எரியும்போது கரி மிகக் குறைவு. அங்கே ஆயில் நிறம் மாறுவது பெரும்பாலும் சூட்டால். ஆயிலும் அதிலுள்ள மருந்துகளும் வெந்து மெல்லத் தேனிலிருந்து கருப்பட்டி நிறத்துக்குப் போகும்.

இப்போது வரும் டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். அங்கே டீசலில் பார்த்த கலப்புப் பிரச்சினை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதனால் அவை சீக்கிரம் கறுக்கும். டீசலையும் பெட்ரோலையும் நிறத்தில் ஒப்பிடாதீர்கள். உங்கள் வண்டியின் சென்ற முறையோடுதான் ஒப்பிட வேண்டும்.

பைக்கில் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கறுத்துவிடுகிறது. அதுவும் கரிதானா?

கரி கொஞ்சம், கிளட்ச் நிறைய. நம் ஊர் பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் தகடுகள் அந்த ஆயிலில்தான் ஊறிக்கொண்டிருக்கின்றன. அவை தேயும் தூள் ஆயிலுக்குத்தான் போகும். நெரிசலில் அரை கிளட்ச்சிலேயே ஓட்டுகிறவர் வண்டி இன்னும் சீக்கிரம் கறுக்கும். மொத்த ஆயிலே சுமார் ஒரு லிட்டர்தான் என்பதால் கொஞ்சம் தூளுக்கே நிறம் மாறிவிடுகிறது. பைக்குக்குச் சொன்ன கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம், அவ்வளவுதான்.

கறுப்பை நம்பக் கூடாது என்றால், ஆயில் கெட்டதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

முதலில் அளவைப் பாருங்கள், நிறத்தை அல்ல. அளவு கூடினால் குறைவதைவிடக் கவலைப்பட வேண்டும். யாரும் ஊற்றாமல் ஆயில் எப்படிக் கூடும்? டீசலோ தண்ணீரோ கலந்தால்தான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி கட்டாயமான பிறகு வந்த டீசல் கார்களில் இது அதிகம் பார்க்கக் கிடைக்கிறது. சைலன்சர் பாதையில் இருக்கும் டி.பி.எஃப் என்ற வடிகட்டி கரியைப் பிடித்து வைத்து, நிறைந்ததும் எரித்துத் தள்ள வேண்டும். அதற்கு வேண்டிய சூட்டை உண்டாக்க, பல வண்டிகளில் வழக்கமான நேரத்துக்குப் பிறகு கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சுகிறார்கள். அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் பட்டு ஆயிலுக்குள் இறங்கிவிடும். பெட்ரோல் போல டீசல் சூட்டில் சுலபமாக ஆவியாகிப் போவதில்லை. தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில், எரிக்கும் வேலை பாதியில் நின்று நின்று மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் டீசல் சேரும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், நிறம் எப்படி இருந்தாலும், மாற்றி 3,000 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தாலும், ஆயில் மாற்றியாக வேண்டும். நீர்த்த ஆயிலின் படலம் பேரிங்கைத் தாங்காது.

அடுத்தது பால் கலந்த காபி நிறம். அது கூலன்ட் கலந்ததன் அடையாளம். கூலன்ட் டப்பாவில் அளவும் இறங்கியிருந்தால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துப் போங்கள். ஆனால் ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் லேசாக வெண்ணெய் போல ஒட்டியிருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்தால் பதற வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிரில் குறைந்த தூரம் ஓடும் வண்டியில் ஈரம் அங்கே படிவது உண்டு. ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும்.

விரலில் தேய்த்தால் மணல் போல நரநரவென்று இருப்பது, வெயிலில் காட்டினால் மின்னும் தூள், மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே தார் மாதிரி கட்டிக் கட்டியாகப் படிந்திருப்பது: இவை மூன்றும் கெட்ட செய்தி. நல்ல கறுப்பு ஆயில் விரலில் வழவழப்பாக இருக்கும்.

காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம் என்கிறார்களே, அது நம்பகமானதா?

ஓரளவுக்கு நம்பலாம். வீட்டில் செய்யக்கூடியதில் நிறத்தைவிட நூறு மடங்கு மேலானது. டிஸ்பெர்சன்ட் இன்னும் வேலை செய்கிறதா என்பதை அது காட்டிவிடும்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கின் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டை மையொற்றும் தாளிலோ காபி வடிகட்டும் தாளிலோ விடுங்கள். தாளை மேசையில் கிடத்த வேண்டாம். ஒரு டம்ளரின் வாயில் வைத்து, சொட்டு விழும் இடம் எதையும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள்.

மறுநாள் நடுவிலிருந்து விளிம்பு வரை கறுப்பு சாம்பலாகி, சாம்பல் மெல்ல மங்கி, படிப்படியாகக் கரைந்திருந்தால் ஆயில் நன்றாக இருக்கிறது. கரித்துகள்கள் தனித்தனியாக இருப்பதால்தான் ஆயிலோடு சேர்ந்து அவ்வளவு தூரம் போக முடிந்தது. நடுவில் மை பொட்டு வைத்தது போல அடர்ந்த கறுப்பு, அதற்குக் கூர்மையான கரை, வெளியே வெறும் எண்ணெய் வளையம் என்று பிரிந்திருந்தால், கரி திரண்டு நகர முடியாமல் நின்றுவிட்டது. மருந்து தீர்ந்துபோனது. மாற்றுங்கள்.

சித்தப்பா காரில் மாற்றிய மறுநாள் ஒரு சொட்டு, 9,000 கிலோமீட்டரில் ஒரு சொட்டு எடுத்து வைத்தோம். டிப்ஸ்டிக்கில் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு. தாளில் முதலாவது வெளிர் சாம்பல் வட்டம். இரண்டாவது நன்றாகவே கறுத்திருந்தது, ஆனால் விளிம்பு வரை பரவியிருந்தது. சொன்ன 10,000-ல் மாற்றினால் போதும் என்று முடிவு செய்தோம்.

இந்தச் சோதனை ஆயில் எவ்வளவு நீர்த்திருக்கிறது, எவ்வளவு உலோகம் கலந்திருக்கிறது என்பதை எல்லாம் சரியாகச் சொல்லாது. தாள் நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சொன்ன கிலோமீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. டிஸ்பெர்சன்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து, ஒரு கட்டத்துக்கு அப்புறம் கரி சட்டென்று திரளத் தொடங்கும். அப்போது ஆயில் கெட்டியாகும். டைமிங் செயினும் வால்வு உறுப்புகளும் தேயும்.

ஃப்ளஷ் போட்டுக் கழுவினால் கறுக்காது என்று சர்வீஸில் சொல்கிறார்கள். போடலாமா?

கறுக்காமல் இருக்க என்றால் வேண்டாம். கழுவிய பிறகும் அதே மூலைகளில் திரவம் தங்கத்தான் செய்யும். இந்த முறை தங்குவது கழுவிய கரைசல், அது புது ஆயிலை நீர்க்கச் செய்யும். புது ஆயில் கறுப்பது ஒரு வாரம் தள்ளிப்போகலாம், அவ்வளவே.

பல வருடம் ஆயில் மாற்றாமல் களிம்பு கட்டிய இன்ஜினில் இன்னும் யோசிக்க வேண்டும். ஒரே தடவையில் பெயர்ந்து வரும் கட்டி, ஆயில் பம்ப்பின் வாயில் இருக்கும் சல்லடையை அடைத்துவிடலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு என் யோசனை: நல்ல ஆயில் ஊற்றி, 2,000, 3,000 கிலோமீட்டரிலேயே ஃபில்டரோடு மாற்றுங்கள். அதையே இரண்டு தடவை செய்யுங்கள். அந்த ஆயில்கள் வெளியே வரும்போது தார் போலக் கறுத்திருக்கும். அப்படி வந்தால் சந்தோஷப்படுங்கள்.

முன்பெல்லாம் மூவாயிரம் வரை தெளிவாக இருந்தது. இப்போது ஐந்நூறிலேயே கறுக்கிறது. இதற்கும் அதே பதில்தானா?

இல்லை. கறுப்பைப் பற்றி நான் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். அதே வண்டி, அதே ஓட்டம், அதே ஆயில் இருந்தும் வேகம் மாறினால் காரணம் தேட வேண்டும். முதலில் காற்று ஃபில்டர், அடைத்திருந்தால் காற்று குறைந்து கரி கூடும். அடுத்து இன்ஜெக்டர். தூவுவதற்குப் பதிலாக ஒழுக ஆரம்பித்திருக்கலாம், மைலேஜும் குறைந்திருக்கும். இ.ஜி.ஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் இப்படி ஆகும். கடைசியில் ரிங். இன்ஜின் சும்மா ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மெல்ல மேலே வைத்துப் பாருங்கள். லேசாக நடுங்கினால் சரி. குக்கர் வெயிட் மாதிரி குதித்து, புகையும் குபுகுபுவென்று வந்தால், ரிங் வழியாக வாயு அதிகமாகக் கசிகிறது. கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னுடையது சி.என்.ஜி ஆட்டோ. ஆயில் கறுக்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டு மாற்றலாமா?

கூடாது. எரிவாயு காற்றோடு முழுதாகக் கலந்து எரிவதால் கரி கிட்டத்தட்ட இல்லை, அதனால் கறுக்கவில்லை. ஆனால் கரி இல்லாவிட்டாலும் எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆயிலைத் தாக்குகின்றன. சூடும் சேர்ந்து ஆயில் புளித்து, மெல்லக் கெட்டியாகிக்கொண்டிருக்கும். அமிலத்தை எதிர்க்கும் மருந்து தீர்ந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. தேன் நிறத்திலேயே கெட்டுப்போகும் ஆயில் இது. கம்பெனி சொன்ன கிலோமீட்டர் ஆனதும் நிறத்தைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.